நாற்பத்து நான்கு பேர் பார்த்த வெற்றுப் பலகை

கணக்கு டீச்சருக்குச் சந்தேகம் தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்ட வியாதி. விடைத்தாளில் விடை தப்பாக இருந்தால் எனக்குக் கவலையில்லை. சரியாக இருந்தால்தான் மூக்கில் வேர்க்கும். நடுவில் இரண்டு வரியைக் காணோமே, இந்த விடை எங்கிருந்து குதித்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று தோண்டுவேன். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், இரண்டாவது முறையும் தூக்கிப் பார்ப்பேன். “இவ கர்த்தர்கிட்டயே ரசீது கேப்பா” என்று என் மாமியார் சபையில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொன்னார்.

புதுக்கடை ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் மாமி, நான், வீட்டுக்காரரின் தங்கை என மூன்று பெண்கள் மட்டும். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நாத்தனார் கம்ப்யூட்டர் படித்தவள், என்னைவிடப் பதினாறு வயது இளையவள். நான் கல்யாணமாகி வரும்போது பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்த பிள்ளை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாடி அறையில் கரும்பலகை மாட்டி, ஒரு கணக்கு சேனல் தொடங்கினோம். பாடம் நான். படம் பிடிப்பது, வெட்டுவது, ஏற்றுவது எல்லாம் அவள்.

தொடங்கி இரண்டு வருடத்தில் அவளுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வேலை வந்தது. “சேனல் கொஞ்சம் காலூணட்டும் மைனி, பெறவு பாப்போம்” என்று வேண்டாம் என்று எழுதிவிட்டாள். நான் அன்று வாய் நிறைய அவளைத் திட்டினேன். உள்ளுக்குள் எனக்கு இருந்த சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இந்த வீட்டில் என்னோடு பேச அவள் ஒருத்திதான். மாமியோடு பேசினால் பேச்சு பத்தாவது நிமிடத்தில் மஸ்கட்டில் போய் நின்று அழுகையில் முடியும். அவள் போய்விடக் கூடாது. நான் சொல்லப்போகிற கதையில் எனக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். சேனல் நன்றாக ஓடினால் அவள் போகமாட்டாள். அவ்வளவு எளிய சமன்பாடு.

என் பாடம் முப்பத்தெட்டு நிமிடம். ஏன் முப்பத்தெட்டு என்று கேட்டால், பள்ளியில் ஒரு பீரியட் நாற்பது, வருகை எடுக்க இரண்டு நிமிடம் போகும், மிச்சம் முப்பத்தெட்டு. இருபது வருடமாக என் நாக்கு அந்த அளவுக்குப் பழகிவிட்டது. மணியடிக்காத மாடி அறையிலும் சரியாக முப்பத்தெட்டில் சாக்பீஸைக் கீழே வைப்பேன்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“மைனி, ஒத்தக் கணக்கத் தேடி வாறவனுக்கு அந்தக் கணக்க மட்டும் போட்டுக் குடுங்க. நாலு நிமிசம் போதும். முப்பத்தெட்டு நிமிசம் எவன் இருப்பான்?”

“நாலு நிமிசத்துல டீ போடலாம் மக்ளே. கணக்கு சொல்லிக்குடுக்க முடியாது.”

என் தரப்புக்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு வீடியோவுக்கும் சராசரியாக ஒருவர் எத்தனை நிமிடம் பார்த்தார் என்று சேனலின் புள்ளிவிவரப் பக்கத்தில் காட்டும். எல்லோரும் பார்த்த மொத்த நிமிடத்தைப் பார்வைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. என் முக்கோணவியல் பாடத்துக்கு முதல் வாரத்தில் அது பதினேழு நிமிடம். அவள் பிடிவாதம் பிடித்து என்னைப் போட வைத்த நாலு நிமிட இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு நிமிடமும் பத்து விநாடியும்.

“பதினேழு பெருசா, ரெண்டு பெருசா? நீதானே படிச்சவ?”

“அப்பிடிப் பாக்கப்பிடாது மைனி. நாலுல ரெண்டுன்னா பாதிக்கு மேல. முப்பத்தெட்டுல பதினேழுன்னா பாதி கூட இல்ல.”

“தோத்தவன் சதவீதம் பேசுவான்” என்றேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஆனா இந்தப் பதினேழு எனக்குப் பிடிக்கல” என்றாள் பிறகு. “மொத வாரம் பதினேழு. மாசக் கடைசியில போய்ப் பாத்தா நாலு. எல்லா வீடியோவும் இப்பிடித்தான். என்னமோ ஒண்ணு இடிக்குது.”

மாதக் கடைசியில் நாலு என்பது எனக்குப் புதுச் செய்தி. நான் முதல் வாரத்தோடு பார்ப்பதை விட்டுவிடுவேன். பதினேழு எப்படி நாலாகும்? நடுவில் யார் கை வைத்தது? அந்தப் பக்கத்தைத் திறந்து மூடுகிறவள் அவள் ஒருத்திதான். என் நீளமான பாடம் உதவாது என்று நிரூபிக்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கிறது. அன்றைக்கு விழுந்தது என் மனதில் அந்த முதல் விதை.

விதை விழுந்தால் போதும், தண்ணீர் ஊற்ற எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் மாடி ஏறும் சத்தம் கேட்டால் அவள் லேப்டாப்பில் ஒரு பக்கத்தை மூடிவிட்டு வேறொன்றைத் திறக்கிறாள். என் பழைய பாடங்களை எடுத்து வைத்து என்னமோ வெட்டிக்கொண்டிருக்கிறாள். “என்னட்டி செய்யுதா?” என்றால், “சும்மா பழசு ஒதுக்கிட்டிருக்கேன் மைனி.” போன் வந்தால் கொல்லைக்குப் போய், வாழை மரத்து மூட்டில் நின்று பேசுகிறாள். எனக்குக் காது அவ்வளவு தூரம் எட்டவில்லையே என்று இருந்தது.

ஒரு வியாழக்கிழமை ஆசிரியர் அறையில் அறிவியல் எடுக்கும் டீச்சர் தன் போனை என் முன்னால் நீட்டினார். “டீச்சர், இது உங்க சத்தந்தானே? எனக்க மகளுக்கு ஒரு கணக்கு தேடுனப்ப வந்துது.”

திரையில் என் கரும்பலகை. என் கையெழுத்து. என் குரல். மூன்றரை நிமிட வீடியோ. சேனல் என்னுடையதில்லை. பெயர் வேறு, படம் வேறு. நான் கேள்விப்பட்டதே இல்லாத சேனலில் என் பாடங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. ஒற்றைக் கணக்குகள் ஒன்பது. ஒரு பதினேழு நிமிட முக்கோணவியல். அதே முக்கோணவியல் ஐந்து நிமிடத்தில். அதே பாடம் முழுசாக முப்பத்தெட்டில். ஒரு மணி நேரத் திருப்புதல் ஒன்று.

“எனக்க சத்தந்தான் டீச்சர், எங்க வீட்டுலதான் போட்டுது” என்று பல்லைக் காட்டினேன். மதியம் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு எழுதிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் யாருமில்லை. மாமியை அவள் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட அழைத்துப் போயிருந்தாள். மாடியில் லேப்டாப் மூடாமல் இருந்தது. நான் உட்கார்ந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் மின்னஞ்சல் கடிதங்கள் ஒவ்வொன்றையும் திறந்து படித்தேன். கூடப் படித்த கூட்டுக்காரிக்கு எழுதியது, அண்ணனுக்கு எழுதியது, யாரோ ஒரு பையன் இரண்டு வருடம் முன்னால் எழுதி இவள் பதில் போடாத ஒன்று, எல்லாம். தேடியது கிடைத்தது. அதே திருவனந்தபுரம் கம்பெனி. மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் சம்மதமா இல்லையா சொல்ல வேண்டும்.

ஆகா. பாடத்தைத் திருடித் தனியாக ஒரு சேனல், மேலே ஒரு வேலை. என் விடை வந்துவிட்டது. நடுவில் இரண்டு வரியைக் காணோமே என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. மஸ்கட்டுக்குப் போன் போட்டு, “உங்க தங்கச்சி செய்த வேல தெரியுமா?” என்று பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் வேலை நடுவில் நின்று கேட்டுவிட்டு, “அவகிட்ட கேட்டியா?” என்றார். “கேக்கத்தான் போறேன்” என்று வைத்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. மாமி கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கையைப் பிடித்து உள்ளே படுக்க வைத்துவிட்டு அவள் மாடிக்கு வந்தாள். நான் அவள் நாற்காலியில். எனக்கு முன்னால் அந்தச் சேனல்.

“இது எவளுக்க சேனல்?”

அவள் திடுக்கிடவில்லை. “எனக்கதுதான்” என்றாள். “நாளக் கழிச்சு உங்ககிட்ட காட்டணும்னுதான் இருந்தேன்.”

“களவாண்டத காட்டவா?”

“மைனி, சத்தம் போடாண்டாம். அம்மைக்கு கேக்கும். நீங்க மொதல்ல நான் கேக்குதுக்குப் பதில் சொல்லுங்க.” இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் சேனலின் பக்கத்தைத் திறந்தாள். முக்கோணவியல் பாடத்தின் கோட்டுப் படம். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று காட்டும் கோடு. முதல் வாரத்துக்கு மட்டும் அதை வைத்தாள். “பாருங்க. மொத மூணு நிமிசத்துல கோடு மளமளன்னு விழுது. பாதிக்கு மேல ஆளு போயாச்சு. அதுக்குப் பெறவு?”

அதற்குப் பிறகு கோடு விழவே இல்லை. மேசை மாதிரி நேராகப் போனது.

“கடைசியில பாருங்க. அன்னைக்கு நான் வெட்ட மறந்துட்டேன். நீங்க பாடம் முடிச்சு சாக்பீஸ வச்சிட்டு கீழ போயாச்சு. ஒண்ணர நிமிசம் வெறும் பலகதான் இருக்கு. ஆளும் இல்ல, சத்தமும் இல்ல. கோடு அங்கயும் விழல. வெறும் பலகையப் பாத்துட்டு நூத்துல நாப்பத்திநாலு பேரு இருந்திருக்கு.” என் முகத்தைப் பார்த்தாள். “மொத வாரம் மொத்தமே நூறு தடவதான் பாத்திருக்கு. உங்க வகுப்புல எத்தன பிள்ளைய மைனி?”

என் வருகைப் பதிவேட்டின் கடைசி எண் கண்ணில் வந்து நின்றது.

நாற்பத்து நான்கு.

அவர்கள் ஏன் கடைசிவரை இருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாடத்திலும் மூன்று இடத்தில், கணக்குக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு பழத்தின் பெயரைச் சொல்வேன். மட்டி, அயினி, கொல்லாம்பழம் என்று ஏதாவது. மறுநாள் காலையில் வகுப்பில் மூன்று பழமும் கேட்பேன். சொல்லத் தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எந்த இடத்தில் வரும் என்று தெரியாததால் தாண்டிப் போக முடியாது. பிள்ளைகள் பாடத்தை முழுசாகப் பார்க்கிறார்களா என்று சோதிக்க நான் கண்டுபிடித்த வழி. எனக்கு அதில் பெருமைகூட உண்டு. நாத்தனார் ஒருமுறை, “சைன் தீட்டாவுக்கு நடுவுல மட்டிப்பழம் எதுக்கு மைனி? வீடியோவுக்குக் கீழ ஆளுவ எழுதிக் கேக்காவ” என்று கேட்டபோது, “ஒறங்காம இருக்கத்தான்” என்று மழுப்பிவிட்டேன். அவளிடம் ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. சொன்னால் என் பதினேழு நிமிடத்தின் மதிப்புக் குறையும் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அவளிடம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் முதலில் சிரித்தாள். “என் தெய்வமே! அப்ப அதுவளு போன ஓட விட்டுட்டு அது பாட்டுக்கு சோறு தின்னுட்டு இருந்திருக்கு. காத மட்டும் பழத்துக்கு வச்சிருக்கு.” பிறகு ஒரு காகிதத்தை எடுத்தாள். கணக்கை அவள் போட்டாள். இருபது வருடம் கணக்கு எடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பத்து நான்கு பேர், தொடக்கத்தில் கொஞ்சம் தாண்டியதைக் கழித்து ஆளுக்கு முப்பத்தாறு நிமிடம். மிச்சம் ஐம்பத்தாறு பேர், ஆளுக்கு இரண்டரை. கூட்டி நூறால் வகுத்தால் பதினேழு. வெளியாட்கள் வர வர நாற்பத்து நான்கு மட்டும் அப்படியே நிற்கும், வகுக்கும் எண் மட்டும் பெருகும், சராசரி நாலுக்கு இறங்கும். யாரும் கை வைக்கவில்லை.

பதினேழு நிமிடம் பார்த்த ஆள் ஒருவர்கூட உலகத்தில் இல்லை. இப்படி ஒரு கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, “சராசரி உன்னை எப்படி ஏமாத்தும் பாத்தியா?” என்று எத்தனை வருடம் நானே கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, காது சுட்டது.

“உங்க வகுப்புக்குத் தெரியாத ஒரு எடம் வேணும்னு எனக்குத் தோணிச்சு” என்றாள். “அதுக்குத்தான் வேற பேருல போட்டுப் பாத்தேன். இஞ்ச வந்தவன் பூரா தேடி வந்தவன்தான். இது சுத்தமான நம்பர்.”

காட்டினாள். மூன்றரை நிமிட ஒற்றைக் கணக்குகளை ஆட்கள் இரண்டு நிமிடமும் இருபது விநாடியும் பார்த்திருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு. விடை வந்ததும் போய்விடுகிறார்கள், அது குற்றமில்லை, அதற்குத்தான் வந்தார்கள். என் முழு முக்கோணவியலை இரண்டரை நிமிடத்தில் விட்டுப் போயிருந்தார்கள். இரண்டரை நிமிடம் வரைக்கும் அதில் பாடமே தொடங்கவில்லை. நான் போன பாடத்தில் யார் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். நடுநடுவே “எழுதுங்க, எழுதுங்க” என்று சொல்லிவிட்டு முழு நிமிடம் சும்மா வேறு நிற்கிறேன்.

“வகுப்புல நிக்கணும் மைனி. இதுல அவனே நிறுத்தி வச்சு எழுதிக்கிடுவான்.”

அதையெல்லாம் கழித்து அவள் பதினேழு நிமிடமாக்கியதை ஏழு நிமிடம் பார்த்திருந்தார்கள். சதவீதத்தில் ஒற்றைக் கணக்கைவிடக் குறைவு. நிமிடத்தில் மூன்று மடங்கு. அப்படியானால் இன்னும் சுருக்கலாமே என்று ஐந்து நிமிடத்தில் போட்டதை இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். கீழே ஒருவர், “ஏன் அப்படி வருகிறது என்று சொல்லவே இல்லையே” என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரத் திருப்புதலுக்குப் பதினொரு நிமிடம். சதவீதத்தில் பார்த்தால் மோசமானவற்றில் ஒன்று. ஆனால் அதன் கோடு ஒரே இறக்கமாக இல்லை, அத்தியாயம் தொடங்கும் இடத்தில் எல்லாம் கொஞ்சம் தலை தூக்கியது. அவரவருக்கு வேண்டிய அத்தியாயத்துக்குத் தாண்டிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

“சதவீதம் மட்டும் பாத்தா எப்பவும் சின்னதுதான் ஜெயிக்கும். நிமிசம் மட்டும் பாத்தா எப்பவும் பெருசுதான் ஜெயிக்கும். நீங்களும் நானும் ரெண்டு வருசமா அதத்தான் பிடிச்சு இழுத்தோம். ஒரே மாதிரிப் பாடத்த, ஏகதேசம் ஒரே நீளத்துல உள்ளதோட வச்சுப் பாக்கணும். ஒத்தக் கணக்கு நாலுக்குள்ள. ஏன், எதுக்குன்னு விளக்குதது பதினஞ்சு இருவது. பரீட்சைக்கு முந்துன திருப்புதல் எவ்வளவு வேணும்னாலும் போட்டும், ஆனா உள்ள வழி போட்டுக் குடுக்கணும்.”

“இதெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கலாமே மக்ளே?”

“சந்தேகமா இருந்துது. சும்மா சந்தேகத்த வச்சு உங்ககிட்ட எப்பிடிச் சொல்ல? நம்பர் கையில வரட்டும்னு இருந்தேன்.” காகிதத்தை மடித்தாள். “திங்கக்கெழம ஒரு கம்பெனிக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்ன தெரியணும்னு இருந்துது.”

“தெரியும்” என்றேன்.

சொன்ன உடனே தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது. அவள் தலை நிமிர்ந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அன்று எந்தெந்தப் பக்கம் திறந்தது என்ற பட்டியலை எடுத்தாள், நான் படித்த கடிதங்கள் வரிசையாக நின்றன. மேலிருந்து கீழ்வரை மெல்ல உருட்டினாள். அந்தப் பையனின் கடிதத்தில் கை ஒரு நொடி நின்றது.

“எல்லாம் வாசிச்சியளா?”

“தப்பா நெனச்சிட்டேன் மக்ளே.”

“அண்ணன்கிட்டயும் சொல்லியாச்சா?”

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். அவள் எழுந்து, “அம்மைக்கு சொட்டு மருந்து விடணும்” என்று கீழே போனாள்.

அந்த வெள்ளியும் சனியும் வீட்டில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே நன்றாக நடந்தது. அவள் கோபம் காட்டவில்லை. சனிக்கிழமை உட்கார்ந்து உயரங்களும் தூரங்களும் பாடத்தை எடுத்தோம். திட்டில்லை, பழமில்லை, சும்மா நிற்பதில்லை. நேராகக் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, ஏன் அங்கே டேன் தீட்டா வருகிறது என்று சொல்லி, பதினாறு நிமிடத்தில் முடித்தேன். “கொள்ளாம் மைனி, நல்லாருக்கு” என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தேன். நம்பர் என் பக்கம் இருந்தது, அவளே போட்டுக் காட்டிய நம்பர். எது எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிட்டது, இனி ஓடாமல் எங்கே போகும்?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றவில்லை, சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். “நாளைக்கு அவியளுக்குச் சம்மதம்னு எழுதப்போறேன்.”

அடுப்பை அணைத்தேன். “நம்பர் நல்லாத்தானேட்டி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. நம்பர் பூரா நில்லுன்னுதான் சொல்லுது.”

“பெறவு?”

“நான் நின்னா, நீங்க என்னையும் தெனமும் பழம் கேப்பிய மைனி.”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்குத் திட்ட வரும். குழம்பைக் கிண்டினேன், அணைந்த அடுப்பில். மாமி உள்ளேயிருந்து, “என்னட்டி கருகுது?” என்றார். ஒன்றும் கருகவில்லை.

அவள் கிளம்பிய நாள் நான் லீவு போட்டேன். பையை நான்தான் தூக்கிக்கொண்டு புதுக்கடை முக்கு வரை நடந்தேன். மாமி வாசலோடு நின்றுவிட்டார். வழியில் அவள் எந்தப் பாடத்துக்கு எத்தனை நிமிடம் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டு வந்தாள், நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். அந்த இரண்டாவது சேனலை அழித்துவிட்டதாகவும், துண்டுகளை எல்லாம் எங்களுடையதில் ஏற்றிவிட்டதாகவும் சொன்னாள். திருவனந்தபுரத்துக்கு மாறிப் போக வேண்டிய களியக்காவிளை பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் என் கையில் ஒரு மடித்த காகிதத்தைத் திணித்தாள். “சேனலுக்க பாஸ்வேர்டு. இனி எல்லாம் உங்க கையில. ஒழுங்கா சாப்பிடுங்க மைனி.” என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் அழுதேன், சந்தியில் நாலு பேர் பார்க்க அழுதேன்.

அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மருந்துக்கடை நிழலுக்கு ஒதுங்கி நின்றேன். கையில் காகிதம். அழுகை இன்னும் நிற்கவில்லை, சத்தியமாக நிற்கவில்லை. அந்த அழுகையோடுதான் போனை எடுத்து, காகிதத்தில் இருந்ததைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். சரியாக எழுதியிருக்கிறாளா என்று பார்ப்போமே. பஸ் போன பிறகு தப்பென்று தெரிந்தால் யாரைக் கேட்பது?

சேனல் அவள் போன் நம்பரில் இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. புதிய போனில் இருந்து யாராவது உள்ளே நுழைந்தால் அவள் போனுக்குத்தான் கேள்வி போகும். உள்ளே வர முயல்வது நீங்கள்தானா என்று.

ஜன்னலில் அவள் குனிந்து தன் போனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் தேடி, மருந்துக்கடை நிழலில் போனும் காகிதமுமாக நின்ற என்னைக் கண்டுபிடித்தாள். நான் போனை மறைக்கப் பார்த்தேன். நேரமில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குனிந்து, ஒரு விரலால் தன் போனில் எதையோ அழுத்தினாள்.

என் கையில் சேனல் திறந்தது. டிரைவர் ஏறி பஸ்ஸை எடுத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.